மீட்டர் பழுது என்று ஒப்புக்கொண்டார்கள், 1,780 வெள்ளியை மட்டும் திருப்பித் தர மறுக்கிறார்கள்

பேராக்கில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள சிறு பட்டணம் ஒன்றில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் கடைவரிசைக்கு மின்சாரம் ஒரே பெரிய மீட்டர் வழியாக வருகிறது. வாடகை வாங்கும் நிர்வாக அலுவலகம் ஒவ்வொரு கடைக்கும் ஒரு துணை மீட்டர் பொருத்தி, யூனிட்டுக்கு 50 காசு வீதம் வசூலிக்கிறது. பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆனால் இப்படிப்பட்ட கடைவரிசையில் இருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

என் கடையில் மாதம் சராசரியாக 910 யூனிட் ஓடும், அதாவது 455 வெள்ளி. ஜனவரி இறுதியில் பழைய மீட்டரைக் கழற்றிவிட்டு, எங்கிருந்தோ கொண்டுவந்த டிஜிட்டல் மீட்டர் ஒன்றை மாட்டினார்கள். பிப்ரவரி முதல் மே வரை நான்கு பில்களிலும் சேர்த்து 7,200 யூனிட், 3,600 வெள்ளி. முதலில் என் ஐஸ்பெட்டியைத்தான் சந்தேகித்தேன். கதவு ரப்பரை மாற்ற 90 வெள்ளி செலவழித்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

மார்ச்சில் அலுவலகத்துக்குப் போனபோது அங்கிருந்த மேலாளர், "அண்ணே, இப்போதைக்குக் கட்டிவிடுங்கள், மீட்டரைப் பார்த்துவிட்டு அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளலாம்" என்றார். பதினோரு வருடமாக முகம் தெரிந்தவர், தீபாவளிக்கு என் கடைக்கு வந்து முறுக்கு தின்றவர். அவர் வாய்ச்சொல்லை நம்பி, எழுத்தில் எதுவும் கேட்காமல் பணத்தைக் கட்டினேன். நான் செய்த முதல் முட்டாள்தனம் இதுதான்.

ஏப்ரலில் அவர்கள் அனுப்பிய பையன் மெயின் சுவிட்சை அணைத்தான், மீட்டரில் மின்னும் சிவப்பு விளக்கு நின்றது, "மீட்டர் சரியாக இருக்கிறது" என்று எழுதிவிட்டுப் போய்விட்டான். சுமை இல்லாதபோது மீட்டர் தானாக ஓடுகிறதா என்பதை மட்டுமே அந்தச் சோதனை காட்டும். சுமை ஏறியபோது ஒன்றை இரண்டாக எண்ணுகிறதா என்பதை அது காட்டாது. எனக்குத் தெரிந்த ஒயர்மேன் ஒருவர் வேறு வழி சொன்னார். என் மீட்டரில் 800 imp/kWh என்று அச்சிட்டிருக்கிறது, அதாவது விளக்கு 800 முறை மின்னினால் ஒரு யூனிட். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 1850–2200W என்று எழுதியிருந்த தண்ணீர் கெத்தல் ஒன்றை மட்டும் போட்டு, இரண்டு நிமிடம் கைப்பேசியில் படம்பிடித்து எண்ணினோம். கெத்தல் 2200 வாட் முழுவதையும் இழுத்தாலும் 59 தடவைக்கு மேல் மின்னக்கூடாது. 104 தடவை மின்னியது. ஐந்து பத்து தடவை கூடினால் கெத்தலையோ மின்னழுத்தத்தையோ காரணம் சொல்லலாம், இதற்கு அப்படிச் சொல்ல வழியில்லை.

அந்தக் காணொளியைக் காட்டிய பிறகே வேறு ஆளை அனுப்பி, பழுது என்று ஒப்புக்கொண்டு, மே இறுதியில் மீட்டரை மாற்றினார்கள். ஜூனில் புது மீட்டர் காட்டியது 905 யூனிட். கழற்றிய மீட்டரைக் கையோடு எடுத்துச் சென்றுவிட்டார்கள். எண்ணைக் குறித்துக் கையெழுத்து வாங்க எனக்குத் தோன்றவில்லை. இப்போது கேட்டால் "பழைய இரும்போடு போய்விட்டது" என்கிறார்கள்.

அதன்பின் ஆரம்பித்தது அலைச்சல். கிராணி மேலாளரைக் கேட்கச் சொன்னார், மேலாளர் தலைமையகத்தைக் கேட்கச் சொன்னார், தலைமையகத்தில் ஒரு பெண் "புகார் வந்த தேதிக்கு முந்தைய பில்களைத் திறக்க மாட்டோம்" என்று சொல்லி, நல்லெண்ணத்துக்கு 200 வெள்ளி தருவதாகப் பேசினார். என்னுடைய 1,780 வெள்ளிக்கு 200 வெள்ளி! நேற்றிரவு அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அதில் முக்கியமான பகுதி இது:

"பழைய சராசரிப்படி நான்கு மாதத்துக்கு நான் பயன்படுத்தியது 3,640 யூனிட், 1,820 வெள்ளி. நான் கட்டியது 3,600 வெள்ளி. புது மீட்டரின் ஜூன் கணக்கும் அந்தச் சராசரியோடு ஒத்துப்போகிறது. தாங்களே பழுது என்று ஏற்று மாற்றிய மீட்டரின் கணக்கை மட்டும் செல்லும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? மிகுதியான 1,780 வெள்ளியைத் திருப்பித் தருமாறும், தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

இன்று காலை வந்த பதில் ஒரே வரி: தங்கள் மின்னஞ்சல் கிடைக்கப்பெற்றது.

நிறைய ஆலோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. மீட்டரைக் கழற்றும் முன் அதன் எண்ணையும் ரீடிங்கையும் தேதியோடு படம் எடுத்துவிடுங்கள். கட்டித்தான் ஆகவேண்டும் என்றால் "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று எழுதிக் கொடுத்து, நகலில் அவர்கள் முத்திரையை வாங்குங்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று சிலர் சொல்வார்கள், அது வீட்டு உபயோகத்துக்கு வாங்கியவர்களுக்கே, கடைக்காரனுக்கு அங்கே இடமில்லை. வழக்கறிஞர் இல்லாமல் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு தொகைக் கோரிக்கை போடுவதைத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். பில்கள், காணொளி, ஜூன் ரீடிங் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுவிட்டேன், திங்கட்கிழமை கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் போகிறேன்.