ஆர்.டி. போடுபவர்கள் கவனத்துக்கு: வேலூரில் எனக்கு நடந்தது

சத்துவாச்சாரியில் குடியிருக்கிறேன். பெண்ணின் கல்லூரிச் செலவுக்காக 2023 ஏப்ரல் முதல் வாரத்தில், வேலூரில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் மாதம் 20,000 ரூபாய் வீதம் 24 மாதத்துக்கு ஆர்.டி. தொடங்கினேன். வட்டி 7 சதவீதம். அதே வங்கியில் ஐந்து லட்சத்துக்கு எஃப்.டி.யும் இருந்தது. அதன் வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை 8,750 ரூபாயாக என் சேமிப்புக் கணக்குக்கு வந்துவிடும்.

கணக்குத் தொடங்கிக் கொடுத்த அதிகாரி ஒரு செலான் பின்பக்கத்தில் நீலப் பேனாவால் கணக்குப் போட்டார். நாலு லட்சத்து எண்பதாயிரம், ஏழு சதவீதம், இரண்டு வருடம். "வட்டி மட்டும் 67,200 சார், மொத்தம் 5,47,200 வாங்கிட்டுப் போவீங்க" என்று அடியில் இரண்டு கோடு இழுத்தார். வரி பற்றிக் கேட்டதற்கு, "ஆர்.டி.க்கு டி.டி.எஸ். கிடையாது சார், முடியும்போது பார்த்துக்கலாம்" என்றார். சொன்ன இரண்டுமே தப்பு.

முதலில் அந்த 67,200. நாலே முக்கால் லட்சத்துக்கு மேலான அந்தப் பணம் முதல் நாளே வங்கியில் இருந்தால்தான் அந்த வட்டி வரும். ஆர்.டி.யில் முதல் தவணை 24 மாதம் இருக்கிறது, இரண்டாவது 23 மாதம், கடைசித் தவணை ஒரே ஒரு மாதம். 24, 23, 22 என்று ஒன்று வரை கூட்டினால் 300. அதாவது 20,000 ரூபாய்க்கு 300 மாத வட்டிதான். தனிவட்டியாகப் போட்டால் 35,000 ரூபாய். காலாண்டுக்கு ஒருமுறை கூட்டுவட்டி சேர்வதால் 36,395 ஆகும். முதிர்வுத் தொகை 5,16,395. வங்கி அனுப்பிய ரசீதில் இந்தத் தொகைதான் அச்சாகியிருந்தது. நான் செலானை நம்பி ரசீதைப் பார்க்காமல் விட்டேன்.

இதைவிட என்னை அலைக்கழித்தது வரிதான். 2024 மார்ச் 31 அன்று என் சேமிப்புக் கணக்கிலிருந்து டி.டி.எஸ். என்று 4,424 ரூபாய் போனது. கிளைக்குப் போய்க் கேட்டால், "அது உங்க எஃப்.டி.க்கு சார்" என்று அனுப்பிவிட்டார்கள். கொஞ்சம் யோசித்திருந்தால் அங்கேயே பிடித்திருப்பேன். எஃப்.டி. வட்டி வருடத்துக்கு 35,000தான். அப்போது டி.டி.எஸ். வரம்பு 40,000. எஃப்.டி. மட்டும் என்றால் ஒரு ரூபாய்கூடப் பிடித்திருக்க முடியாது.

அந்த வருடம் ஆர்.டி.யில் சேர்ந்த வட்டி 9,243. என் கைக்கு வரவில்லை, ஆனால் வங்கிக் கணக்கில் என் பெயரில் ஏறிவிட்டது. இரண்டும் சேர்ந்து 44,243. வரம்பைத் தாண்டியதும் முழுத் தொகைக்கும் பத்து சதவீதம் பிடித்துவிட்டார்கள். ஆர்.டி.க்கு டி.டி.எஸ். இல்லை என்பது 2015 மே மாதத்தோடு போய்விட்டது. அந்த ஜூன் 1 முதல் பிடிக்கிறார்கள். எட்டு வருடத்துக்கு முந்தைய விதியை அதிகாரி எனக்குச் சொல்லியிருக்கிறார்.

இது தெரியாமல் ஜூலையில் ரிட்டர்ன் போட்டபோது கைக்கு வந்த 35,000 ரூபாய் வட்டியை மட்டும் காட்டினேன். பிடித்த 4,424ஐ முழுதாகக் கழித்துக்கொண்டேன். நவம்பரில் வருமான வரித்துறையிலிருந்து செய்தி வந்தது, வட்டி வருமானம் பொருந்தவில்லை என்று. குடியாத்தத்தில் ஆடிட்டராக இருக்கும் சித்தப்பாவிடம் ஓடினேன். வருமான வரித் தளத்தில் இருக்கும் என் வருடாந்திரத் தகவல் அறிக்கையைத் திறந்து காட்டி, "பாருப்பா, பேங்க் 44,243னு சொல்லியிருக்கு, நீ 35,000னு சொல்லியிருக்கே" என்றார்.

வட்டியை முதிரும் வருடத்தில் மொத்தமாகக் காட்டும் முறையும் சட்டத்தில் உண்டாம். ஆனால் வருடா வருடம் அதே முறையில்தான் போக வேண்டும். அந்த வட்டிக்குப் பிடித்த டி.டி.எஸ்.ஸையும் அந்த வருடத்தில்தான் கேட்க முடியும். நான் செய்ததுபோல வருமானத்தைத் தள்ளிவைத்து டி.டி.எஸ்.ஸை மட்டும் முன்னால் எடுத்துக்கொண்டால் மாட்டிக்கொள்வோம். டிசம்பர் 31க்குள் திருத்திய ரிட்டர்ன் போட்டேன். நான் 20 சதவீதப் பிரிவில் இருப்பதால் செஸ் சேர்த்து 1,922 ரூபாய், மேலே கொஞ்சம் வட்டி. பத்து சதவீதம் பிடித்துவிட்டார்கள், வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். மீதி நம் தலையில்தான்.

திரும்பக் கிளைக்குப் போய்ச் சண்டை போட்டபோது அதே அதிகாரி 15ஜி படிவத்தை நீட்டி, "இதுல கையெழுத்துப் போட்டா பிடிக்க மாட்டோம் சார்" என்றார். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை என்று உறுதி கொடுக்கும் படிவம் அது. வரி கட்ட வேண்டிய வருமானம் உள்ளவர் அதில் கையெழுத்திட்டால் பொய் உறுதிமொழி. தயவுசெய்து போடாதீர்கள்.

இரண்டாம் வருட ஆர்.டி. வட்டி 27,152. அதை ஒழுங்காகக் காட்டி 5,648 வரி கட்டினேன். 67,200 என்று சொன்ன இடத்தில், வரி போக நின்றது 28,825 ரூபாய்.

2025 ஏப்ரல் முதல் டி.டி.எஸ். வரம்பு 50,000, மூத்த குடிமக்களுக்கு ஒரு லட்சம். அது பிடித்தத்துக்கான வரம்புதான், அதற்குக் கீழே உள்ள வட்டியும் வருமானக் கணக்கில் வரும். ஏப்ரல் பிறந்ததும் வங்கியில் வட்டிச் சான்றிதழ் கேளுங்கள். அதில் ஆர்.டி.க்கு எதிரே சேர்ந்த வட்டி எவ்வளவு என்று பார்த்து, தகவல் அறிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்த பிறகே ரிட்டர்னில் கை வையுங்கள்.