கையெழுத்துக் குறிப்பை விற்க எது நல்லது: இணையத்தளமா, நேரடியாகவா?

நான் காரைக்குடியில் இருக்கிறேன். குரூப் 4 தேர்வுக்காக எழுதி வைத்திருந்த அரசியலமைப்பு, தமிழ்நாடு நிர்வாகக் குறிப்புகள் 64 பக்கம். அதை ஸ்கேன் செய்து 2024 ஜனவரியில் விற்க ஆரம்பித்தேன். முதல் நான்கு மாதம் குறிப்பு விற்கும் ஒரு இணையத்தளத்தில் மட்டும் விற்றேன். அதன் பிறகு தளத்தில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு, வாட்ஸ்அப், யுபிஐ என்று நேரடியாக விற்கிறேன். ஜெராக்ஸ் கடையில் மூலப்பிரதியைக் கொடுத்து வைப்பது மூன்றாவது வழி. அதை நான் செய்யவில்லை. அங்கே எத்தனை பிரதி போனது என்ற கணக்கு நம் கையில் இருக்காது, அதனால் அதை இதோடு விட்டுவிடுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் சாய்வு நேரடி விற்பனைப் பக்கம். காரணம் கமிஷன் இல்லை, திருத்தம்.

கமிஷன் கணக்கு சுருக்கமானது. நான் போட்ட தளம் 30 சதவீதம் எடுத்துக்கொண்டது. 120 ரூபாய் விலை வைத்தால் எனக்கு 84. நேரடியாக 80 வைத்தாலே எனக்குக் கிட்டத்தட்ட அதே காசு வருகிறது, வாங்குபவருக்கு 40 ரூபாய் மிச்சம். அவர் இதை அச்செடுக்கவும் வேண்டும். எங்கள் பக்கத்துக் கடையில் இருபுறமும் அச்சடித்தால் பக்கத்துக்கு ஒரு ரூபாய், ஆக இன்னும் 64 ரூபாய். மொத்தம் 144. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்களிடம் ஒரு பாடத்துக்கு இதற்கு மேல் கேட்க எனக்கு மனசு வரவில்லை. விலையை எப்போதும் அச்சுக்கூலியையும் சேர்த்துத்தான் யோசிக்கிறேன்.

இனி திருத்தம். இது பொது அறிவுக் குறிப்பு, நின்ற இடத்தில் நிற்காது. நான் விற்ற முதல் பதிப்பில் 34ஆம் பக்கத்தில் "தமிழ்நாட்டில் மாநகராட்சிகள் 21" என்று இருந்தது. அப்போது அது சரி. அதே 2024இல் புதுக்கோட்டை, திருவண்ணாமலை, நாமக்கல்லோடு எங்கள் காரைக்குடியும் மாநகராட்சி ஆனது, எண்ணிக்கை 25 ஆயிற்று. அந்த வருஷம் ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. 511 பிரிவுகள் இருந்த இடத்தில் 358. கொலைக்கான தண்டனை 302இல் இருந்து 103க்குப் போனது, ஏமாற்றுக்கான 420 இப்போது 318இன் உட்பிரிவு 4. என் குறிப்பில் பழைய பிரிவு எண்கள் ஒரு பக்கம் முழுக்க அட்டவணையாக இருந்தன. அந்தப் பக்கத்தை மனப்பாடம் செய்துகொண்டு ஒருவர் தேர்வறைக்குள் போனால் அந்தத் தவறு என்னுடையது.

தளத்தில் விற்ற பிரதிகளுக்கு என்ன செய்ய முடிந்தது? புதிய கோப்பை ஏற்றினேன். அவர்கள் சரிபார்த்து அனுமதிக்க பதினொரு நாள் ஆனது. அதற்குப் பிறகு வாங்குபவர்களுக்குத் திருத்திய கோப்பு கிடைக்கும். ஆனால் ஏற்கெனவே வாங்கி இறக்கி வைத்திருந்த 41 பேர் யார் என்றே எனக்குத் தெரியாது. பெயரும் எண்ணும் தளத்திடம் இருக்கிறது. அவர்களுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள் என்று எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை. அந்த 41 பேரில் எத்தனை பேர் இன்னும் 21 என்றே படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை உறுத்தல்.

நேரடியாக வாங்கியவர்கள் அப்போது 83 பேர். ஒரு நோட்டில் பெயர், எண், எந்தப் பதிப்பு வாங்கினார் என்று எழுதி வைத்திருக்கிறேன். மாறிய இரண்டு பக்கங்களை மட்டும் மறுபடி எழுதி, ஸ்கேன் செய்து, பணம் எதுவும் வாங்காமல் ஒரே மாலையில் எல்லாருக்கும் அனுப்பி முடித்தேன். தேவகோட்டையில் இருந்து ஒரு தங்கை உடனே பதில் போட்டாள்: "அக்கா, அப்படியே 12ஆம் பக்கத்தையும் பாருங்க. மக்களவை அதிகபட்சம் 552னு இருக்கு, 550தானே?" அவள் சொன்னதுதான் சரி. ஆங்கிலோ இந்தியர் நியமன இடங்கள் இரண்டும் 104ஆவது திருத்தத்தால் 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டன. பழைய கைடில் இருந்த எண் என் கைக்கு வந்து, அங்கிருந்து குறிப்புக்குப் போயிருக்கிறது. தளத்தில் அத்தனை மாதம் இருந்தும் இப்படி ஒரு வரி எனக்கு வந்ததில்லை. நட்சத்திரம்தான் வந்தது, ஐந்துக்கு நான்கு. அந்த ஒன்று எதற்காகக் குறைந்தது என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

திருத்தம் சுலபமாக நடக்க வேண்டுமென்றால் எழுதும்போதே அதற்கு இடம் விட வேண்டும். தைத்த நோட்டில் எழுதாதீர்கள். கோடில்லாத ஏ4 தாளில், ஒரு தலைப்புக்கு ஒரு பக்கம், அடியில் நாலு விரல் இடம் காலியாக. ஒரு பக்கம் மாறினால் அந்தத் தாள் மட்டும் மாறும், மற்ற பக்க எண்கள் நகராது. தாளின் மூலையில் "ப. 34, திருத்தம் 2" என்று நான் எழுதுகிறேன். வாங்கியவர் பழைய பக்கத்தை அடித்துவிட்டு, அதன் பக்கத்தில் இதைச் செருகிக்கொள்ளலாம்.

ஸ்கேன் தரத்தில் இரண்டு வழிக்கும் வித்தியாசம் இல்லை, அது நம் வேலை. ஃபோன் செயலியே போதும், வெளிச்சம் சரியாக இருந்தால். நான் வாடகைக்கு இருக்கும் பழைய வீட்டில் வளவு முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், காலை பத்து மணிக்கு, வெயில் நேராக விழாத இடத்தில் வைத்து எடுக்கிறேன். டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்தால் என் கையின் நிழலே தாளில் விழுகிறது. தாளுக்கு அடியில் ஒரு கறுப்பு அட்டை வைத்தால் பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிவது நின்றுவிடும். கறுப்பு வெள்ளை முறையில் சேமித்தால் கோப்பு சின்னதாகும், ஆனால் சிவப்பு அடிக்கோடும் நீலமும் ஒரே கறுப்பாகி, பென்சில் அம்புக்குறி காணாமல் போகும். அதனால் வண்ணத்திலேயே வைக்கிறேன்.

எடுத்து முடித்ததும் சோதனை. நான் பார்த்தால் என் கையெழுத்து எனக்குப் புரியத்தான் செய்யும். பக்கத்து வீட்டு அண்ணி என் கோப்பை ஃபோனில் வைத்துக்கொண்டு எண்களை மட்டும் சத்தமாக வாசிப்பார், நான் சட்ட நூலைப் பார்த்துச் சரி சொல்வேன். முதல் தடவையே அவர் 17ஐ 11 என்று வாசித்தார். தீண்டாமை ஒழிப்பு 17ஆவது உறுப்பு, 11 குடியுரிமை பற்றியது. என் ஏழுக்கு நடுவில் குறுக்குக்கோடு வந்தது அன்றுதான். அந்தச் சோதனையில் மொத்தம் ஆறு பக்கம் திரும்ப எழுதினேன்.

காப்புரிமை இன்னொரு விஷயம். இதில் தளமானாலும் நேரடியானாலும் பொறுப்பு விற்கிறவருடையது. விற்கலாம் என்று முடிவு செய்த அன்று என் குறிப்பை முதலில் இருந்து புரட்டினேன். ஒன்பது பக்கம் என்னுடையது இல்லை. ஒரு பயிற்சி மையத்தின் கையேட்டில் இருந்து அட்டவணைகளை அப்படியே எழுதியிருந்தேன், அதே வரிசை, அதே நினைவு வாக்கியம். கையெழுத்து என்னுடையது என்பதால் அந்த அமைப்பு எனக்குச் சொந்தமாகிவிடாது. "பண மசோதா 110ஆவது உறுப்பு" என்ற தகவல் யாருக்கும் சொந்தமில்லை. அதை எதோடு சேர்த்து, எந்த வரிசையில், என்ன சொற்களில் விளக்கினார் என்பது எழுதியவருக்குச் சொந்தம். பள்ளிப் பாடநூல்களும் அப்படித்தான். இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்பது படிப்பதற்கு, பத்தி பத்தியாக எழுதி விற்பதற்கு இல்லை. சட்டத்தின் வாசகம் வேறு. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவே சட்டமன்றம், நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை நம் சொந்த விளக்கத்தோடு சேர்த்து வெளியிட இடம் கொடுக்கிறது. அந்த ஒன்பது பக்கத்தையும் எடுத்து வைத்துவிட்டு, மூல நூலை மூடி, சட்ட வாசகத்தை மட்டும் திறந்து வைத்துப் புதிதாக எழுதினேன். மூன்று வாரம் ஆனது. முடித்ததும் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் உதாரணம் தானாகவே அதேபோல் வந்திருந்தது, அதையும் மாற்றினேன்.

நம் குறிப்பை மற்றவர்கள் பரப்புவதும் நடக்கும். இதில் தளம் ஓரளவு நல்லது, புகார் கொடுக்க ஒரு இடம் இருக்கிறது. நேரடியில் நானே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கோப்பிலும் அடியில் வாங்கியவரின் பெயரையும், ஃபோன் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் போட்டு அனுப்புகிறேன். போடப்போவதை வாங்கும் முன்பே சொல்லிவிடுவேன். ஒருவருக்கு மூன்று நிமிடம் ஆகும். ஒருமுறை ஒரு டெலிகிராம் குழுவில் என் கோப்பு கிடந்தது. அடியில் இருந்த பெயருக்கு ஃபோன் செய்தேன். நண்பனுக்குக் கொடுத்தேன், அவன் போட்டுவிட்டான் என்றார், அன்றே எடுத்தும் விட்டார். இது எல்லா நேரத்திலும் இப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன், எனக்கு நடந்தது ஒருமுறைதான்.

நேரடி விற்பனையின் தொல்லையையும் சொல்ல வேண்டும். ராத்திரி பதினொன்றுக்குச் செய்தி வரும். பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் வரும், வங்கிக் கணக்கில் வந்திருக்காது. இரண்டு தடவை அப்படி ஏமாந்தேன். இப்போது என் கணக்கில் வரவு தெரிந்த பிறகுதான் அனுப்புகிறேன். முதல் ஆறு பக்கத்தை யார் கேட்டாலும் இலவசமாக அனுப்பிவிடுகிறேன், கையெழுத்து பிடிக்காதவர் அங்கேயே நின்றுகொள்ளலாம். அப்படி வைத்த பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் இரண்டே பேர்.

என்னைத் தெரியாதவர்களிடம் போய்ச் சேர்வதில் தளம்தான் முன்னால் நிற்கிறது. நேரடியாக வாங்கியவர்களில் பெரும்பாலானவர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரைப் பக்கம்தான், ஒருவர் சொல்லி இன்னொருவர் வந்தவர்கள். கோயம்புத்தூரும் சென்னையும் தளம் வழியாகத்தான் வந்தன. கணிதம் மாதிரி மாறாத பாடமாக இருந்தால், ஒருமுறை சரிபார்த்துத் தளத்தில் போட்டுவிடுவது நல்ல யோசனையாகவே இருக்கலாம். கணிதக் குறிப்பை நான் விற்றதில்லை, எனவே அதில் என் சொல்லைக் கொஞ்சம் தள்ளி வைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

அரசியலமைப்புக் குறிப்பைத் தளத்தில் இருந்து எடுத்துவிட்டேன். 12ஆம் பக்கத்தின் திருத்தமும் எல்லாருக்கும் போய்விட்டது. தளத்தில் வாங்கிய அந்த 41 பேரில் யாராவது இதைப் படித்தால், வாங்கியதற்கான ரசீதை மட்டும் எனக்குக் காட்டுங்கள். 12, 34, அப்புறம் அந்தத் தண்டனைச் சட்ட அட்டவணை, மூன்று பக்கத்தையும் அனுப்பி வைக்கிறேன்.