58-இல் ரிட்டயர்மென்ட், 64-இல் கடைசி இஎம்ஐ: பெங்களூருவில் வீட்டுக்கடன் வாங்கியவர்கள் ஸ்டேட்மென்ட்டைப் பாருங்கள்

பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிற தமிழர். 2021 மார்ச்சில் 45 வயது முடிந்தது. கே.ஆர்.புரம் பக்கம் ஃபிளாட் வாங்க 40 லட்சம் கடன் எடுத்தார். வட்டி 6.9 சதவீதம், ஃப்ளோட்டிங். 15 வருடம், அதாவது 180 தவணை. இஎம்ஐ 35,730 ரூபாய். கடைசித் தவணை 2036 மார்ச், அவருடைய 60-ஆவது வயதில். சாங்ஷன் லெட்டரில் அப்படித்தான் இருந்தது.

இரண்டு இடத்தில் ஏமாந்தார். முதலாவது, கடன் வாங்கிக் கொடுத்த ஏஜென்ட்டிடம். விண்ணப்பத்தில் ஓய்வு வயதை எழுதும் இடம் வந்தபோது, “சார், ப்ரைவேட்ல எல்லாம் 60தான், 60ன்னே போடுங்க. இந்த பேங்க்ல 70 வரைக்கும் பாக்குறாங்க, ஒண்ணும் ஆகாது” என்று சொல்லியிருக்கிறார். தமிழ் பேசுகிற ஆள் என்ற நம்பிக்கை வேறு. வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் ஓய்வு வயது 58 என்று தெளிவாக இருக்கிறது. அதை எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

ஏஜென்ட் ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கடன் கொடுப்பவர்கள் பார்ப்பது ஒன்றைத்தான்: இன்றைய வயதும் கடன் காலமும் சேர்ந்து அவர்கள் வைத்திருக்கிற உச்ச வயதைத் தாண்டக் கூடாது. அந்த உச்ச வயது எல்லோருக்கும் பொதுவான ஒரு எண் கிடையாது, ஒவ்வொரு வங்கியும் தானே வைத்துக்கொள்வது. சம்பளக்காரர்களுக்கு ஓய்வு வயதையோ 60-ஐயோ பார்க்கிற இடங்கள் உண்டு, 70 வரை போகிற இடங்களும் உண்டு. 48 வயதுக்காரர் ஒருவர் மாதம் 50,000 கட்ட முடியும் என்று வையுங்கள். வட்டி 8.15 சதவீதம். உச்ச வயது 60 என்றால் 12 வருடம்தான் கிடைக்கும், அதற்குச் சுமார் 45.8 லட்சம்தான் கடன். 68 வரை இழுத்தால் 20 வருடம், கடன் 59 லட்சத்தைத் தொடும். ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கடன் தொகையின் மேல். வயதை இழுப்பதில் அவருக்கு லாபம், அந்தக் கூடுதல் வருடங்களைக் கட்டப் போவது நீங்கள்.

வங்கியின் 70 என்பது வங்கிக்கான வரம்பு. உங்கள் சம்பளம் எந்த வயதில் நிற்கும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதைக் குழப்பிக்கொள்வதில்தான் பலர் மாட்டுகிறார்கள்.

இரண்டாவது ஏமாற்றம் சத்தமே இல்லாமல் நடந்தது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள், ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கிற வட்டியான ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனது. ரெப்போவோடு கட்டிய கடன் என்பதால் இவருடைய வட்டியும் 6.9-லிருந்து 9.4 ஆனது. வங்கி இஎம்ஐயைத் தொடவில்லை. மாதாமாதம் அதே 35,730 போனதால் அவரும் எதையும் கவனிக்கவில்லை. நீண்டது தவணைகளின் எண்ணிக்கை.

வட்டி படிப்படியாகத்தான் ஏறியது. கணக்கு எளிதாக இருக்க, 24 தவணை முடிந்த 2023 மார்ச்சில் மொத்தமாக ஏறியதாக வைத்துக்கொள்வோம். அப்போது பாக்கி அசல் 36.73 லட்சம். மீதமிருக்க வேண்டியது 156 தவணை. ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் இதை அடித்துப் பாருங்கள்:

```
=NPER(9.4%/12, -35730, 3673000)
```

விடை 209.7 வரும். 156 இருக்க வேண்டிய இடத்தில் 210. நாலரை வருடம் கூடிவிட்டது. கடைசித் தவணை 2036 மார்ச்சிலிருந்து 2040 செப்டம்பருக்குப் போகிறது, வயது அறுபத்து நாலரை. வட்டி அப்படியே நின்றிருந்தால், 58 வயதில் சம்பளம் நிற்கிற நாளில் பாக்கி 20.7 லட்சமாக இருந்திருக்கும். வட்டி ஏறாமலே இருந்திருந்தால் அன்றைக்கு பாக்கி 8 லட்சம்தான். பிஎஃப், கிராஜுவிட்டி வந்ததும் அடைத்துவிடலாம் என்பார்கள். 8 லட்சத்துக்கு அது சரி. 20 லட்சத்துக்கு அடைத்தால் அப்புறம் எதை வைத்துச் சாப்பிடுவது?

கால் சதவீதம் ஏறினால் தவணை எத்தனை கூடும் என்று கேட்டால், இவர் கடனுக்குத் தொடக்கத்தில் 5 தவணைதான். அதை வைத்து இரண்டரை சதவீதத்துக்கு 50 தவணை என்று பெருக்கிவிடக் கூடாது. கடன் வாங்கிய முதல் மாதத்திலேயே இரண்டரை ஏறியிருந்தால் 88 தவணை கூடியிருக்கும். இஎம்ஐயில் வட்டிக்குப் போகிற பங்கு பெருகப் பெருக அசலுக்குப் போவது சுருங்கிக்கொண்டே வரும், அதனால் நீளம் நேர்க்கோட்டில் ஏறாது. 2024 அக்டோபர் முதல் கடன் கொடுக்கும்போது முக்கிய விவர அறிக்கை என்று ஒரு தாளைத் தர வேண்டும், கே.எஃப்.எஸ் என்பார்கள். ஃப்ளோட்டிங் கடனுக்கு அதில் அடிப்படை விகிதம் கால் சதவீதம் மாறினால் இஎம்ஐ எவ்வளவு மாறும், தவணை எண்ணிக்கை எவ்வளவு மாறும் என்று ஒரு வரி உண்டு. கையெழுத்துக்கு முன் அந்த வரியைப் பாருங்கள். பார்த்துவிட்டு, கால் சதவீதத்தோடு நிற்காமல் இரண்டு சதவீதம் கூட்டி நீங்களே NPER போட்டுப் பாருங்கள்.

2025-இல் ரெப்போ 1.25 குறைந்ததே, எல்லாம் சரியாகியிருக்குமே என்று கேட்கலாம். பாதிதான் சரியானது. இந்தக் குறைப்பும் டிசம்பரில் மொத்தமாக வந்ததாக வைத்துக்கொண்டால், 2025 டிசம்பரில் 57 தவணை கட்டிய நிலையில் பாக்கி சுமார் 34.13 லட்சம். 8.15 சதவீதத்தில் அதே இஎம்ஐ கட்டினால் இன்னும் 155 தவணை. 2038 நவம்பர், வயது 62 வருடம் 8 மாதம். அதுவும் வட்டி குறைந்தபோது வங்கி இஎம்ஐயைக் குறைக்காமல் விட்டிருந்தால்தான். இஎம்ஐயைக் குறைத்துக் கொடுத்துவிட்டால் முடியும் தேதி நகராது. “இந்த மாசம் இஎம்ஐ கம்மி” என்று சந்தோஷப்படுவதற்கு முன் இதை யோசியுங்கள். வங்கி அல்லாத ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனியில் கடன் இருந்தால் நிலைமை இன்னும் கொஞ்சம் மோசம். ரெப்போவோடு இணைக்க வேண்டும் என்ற கட்டாயம் வங்கிகளுக்குத்தான். கம்பெனிகள் தங்கள் சொந்த விகிதத்தை வைத்திருப்பதால், ரெப்போ குறைந்தாலும் தானாக இறங்காது, கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இப்போது உங்கள் கடனைப் பாருங்கள். சாங்ஷன் லெட்டரை ஒதுக்கி வையுங்கள், அது பழைய தேதி. NPER போட வேண்டியவை மூன்று: இன்றைய பாக்கி அசல், இன்றைய வட்டி, இன்றைய இஎம்ஐ. ரிசர்வ் வங்கியின் 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கைப்படி ஒவ்வொரு காலாண்டுக்கும் வங்கி தர வேண்டிய ஸ்டேட்மென்ட்டில் இதுவரை வசூலான அசலும் வட்டியும், இஎம்ஐ, மீதமுள்ள தவணைகள், ஆண்டு வட்டி எல்லாம் இருக்க வேண்டும். நெட் பேங்கிங்கிலும் பெரும்பாலும் கிடைக்கும். மீதமுள்ள தவணைகளை இந்த மாதத்தோடு கூட்டினால் முடியும் மாதம் வரும். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் உள்ள ஓய்வு வயதைப் பிறந்த தேதியோடு கூட்டினால் சம்பளம் நிற்கும் மாதம் வரும். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் பிரச்சினை. ஆர்டரில் வயது போடாவிட்டால் எச்.ஆரிடம் மெயிலில் கேளுங்கள், வாயால் கேட்காதீர்கள்.

பீன்யாக்காரருக்கு 58-க்குள் முடிக்க வேண்டுமென்றால், 2025 டிசம்பர் கணக்கில் 99 தவணைதான் இருக்கிறது. இஎம்ஐ சுமார் 47,460 ஆக வேண்டும், மாதம் 11,700 கூடுதல். அல்லது இஎம்ஐ அப்படியே இருக்க, சுமார் 8.44 லட்சத்தை ஒரே தடவையில் அசலில் கட்ட வேண்டும். இரண்டையும் கலந்தும் செய்யலாம். இதையே 2023 மார்ச்சில் கவனித்திருந்தால், குறைந்தபட்சம் முதலில் சொன்ன 60 வயதைக் காப்பாற்ற 5,150 ரூபாய் இஎம்ஐ உயர்வு போதுமாக இருந்தது. வட்டி மாறும்போது இஎம்ஐயைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அதே சுற்றறிக்கையில் உங்களுக்கு இருக்கிறது. இது பழைய கடன்களுக்கும் பொருந்தும், 2023 டிசம்பர் 31-க்குள் நடைமுறைக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அந்தத் தேர்வைக் கேட்டு வருகிற எஸ்எம்எஸ் ஒன்றுக்கு நீங்கள் பதில் அனுப்பாமல் விட்டால் தேதி நீள்கிறது, அவ்வளவுதான்.

மொத்தமாகப் பணம் கட்டப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தனிநபர் ஃப்ளோட்டிங் வீட்டுக்கடனுக்கு முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. ஆனால் கடன் கணக்கில் சும்மா பணத்தைப் போட்டால் அடுத்த தவணைக்கான முன்பணமாக அது கிடந்துவிட வாய்ப்புண்டு. “பகுதி முன்கட்டணம், அசலில் வரவு வைக்கவும், இஎம்ஐ மாற வேண்டாம், தவணைகளைக் குறைக்கவும்” என்று எழுதிக் கொடுங்கள். ஒரு வாரம் கழித்துத் திருத்திய அட்டவணையை வாங்கி, கடைசித் தேதி நகர்ந்திருக்கிறதா பாருங்கள். நகராவிட்டால் வேலை முடியவில்லை.

கடைசியாக, பையனைக் கூட்டு விண்ணப்பதாரராகச் சேர்த்தால் 25 வருடம் கிடைக்கும் என்று சில ஏஜென்ட்கள் சொல்வார்கள். பையன் சம்பளம் வாங்குகிறவர், அந்தச் சம்பளத்தைக் கணக்கில் எடுக்கிறார்கள் என்றால் அது நடக்கும். ஆனால் அப்பாவின் வருமானத்தையும் சேர்த்துக் காட்டினால் சில இடங்களில் மூத்தவர் வயதையே பார்ப்பார்கள். எப்படியிருந்தாலும் முழுக் கடனும் பையனின் சிபிலில் ஏறும். அவர் தனக்கு ஒரு வீட்டுக்கடனுக்குப் போகும்போது இந்த இஎம்ஐ அவருடைய தகுதியிலிருந்து கழியும். அவரிடம் இதைச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

தேதி நீண்டது உங்களுக்குச் சொல்லாமலே நடந்திருந்தால் முதலில் கிளைக்கு எழுத்தில் கொடுங்கள், மெயிலின் பிரதியை வைத்திருங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் சரியில்லாவிட்டாலோ வங்கிக்கு எதிராக cms.rbi.org.in தளத்தில் ஓம்புட்ஸ்மேனுக்குப் புகார் போடலாம். ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனி என்றால் தேசிய வீட்டுவசதி வங்கியிடம் போக வேண்டும். புகாரில் கோபத்தை எழுதாதீர்கள். சாங்ஷனில் இருந்த முடியும் தேதி, இன்றைய முடியும் தேதி, தேர்வு கேட்டு எந்தக் கடிதமும் வரவில்லை என்பது, 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கை ஆகிய இவை போதும்.