அப்பாவின் மச்சமும் அமெரிக்க விசா போட்டோவும்

மே மாதம் மூன்று வாரம் ஊரில் இருந்தேன். தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகிற வழியில் எங்கள் ஊர். மாம்பழம் தின்றது போக மீதி நேரத்தில் முடிக்க வேண்டிய வேலை ஒன்றுதான்: அப்பாவின் அமெரிக்க விசிட்டர் விசாவுக்கான DS-160 படிவம். எல்லாம் அரை நாளில் முடிந்தது. போட்டோவுக்குத்தான் இரண்டு நாள் ஆனது.

"போட்டோ ரெடி மாமா" என்று அக்கா மகன் முன்பே சொல்லியிருந்தான். வீட்டு ஹாலில் செல்போனில் எடுத்தது. பின்னால் முருகன் காலண்டர், ஷோகேஸ், மோடம் ஒயர், பச்சைப் பெயின்ட் அடித்த சுவர். அதையெல்லாம் ஒரு ஆப்பில் அழித்து வெள்ளையாக்கி வைத்திருந்தான். போனில் பார்க்க நன்றாகவே இருந்தது. லேப்டாப்பில் பெரிதாக்கியதும் கதை வேறு. இடது காதின் மேல்பாதி சீவினாற்போல் இருந்தது. நரைமுடியின் மேல்விளிம்பை ஆப் பின்னணி என்று நினைத்து அழித்துவிட்டதால், உச்சந்தலை தட்டையாகிவிட்டது. அப்பா வழக்கம்போல் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வெள்ளைப் பின்னணியில் தோள் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. வெறும் தலை காகிதத்தில் மிதந்தது.

சரி, ஸ்டுடியோவுக்கே போவோம் என்று மறுநாள் காலை தர்மபுரி டவுனுக்குப் போனோம். கடையின் பெயர் வேண்டாம். நல்ல பையன், வேலையும் தெரிந்தவன். ஆனால் நீலத் திரைக்கு முன்னால் எடுத்துவிட்டு, "ஒயிட் பேக்ரவுண்ட் சிஸ்டம்ல மாத்திடலாம்ணா" என்றான். இரண்டு நிமிடத்தில் மாற்றியும் விட்டான். காது, முடி எல்லாம் சுத்தமாக இருந்தது. எதையோ காணோமே என்று பார்த்தால், அப்பாவின் வலது கன்னத்து மச்சம். முகமும் ஒரு சுற்று வெளுத்திருந்தது.

"எல்லாருக்கும் பண்றதுதாண்ணா. ஐயாவுக்குக் கோட்டு கூட வச்சுத் தரட்டுமா?"

இங்கே கேட்காமலே செய்து தருகிற சேவை இது. கல்யாண ஜாதகத்தோடு கொடுக்கிற போட்டோவுக்கு இது பழுதில்லை. ஆனால் அமெரிக்க விசா போட்டோ விதி, தோற்றம் எந்த விதத்திலும் மாறும்படி படத்தைத் திருத்தக் கூடாது என்கிறது. மச்சத்தை எடுப்பது, முகத்தை வெளுப்பது, கோட்டு மாட்டுவது எல்லாமே அதில் அடிபட்டுப் போகும்.

பின்னணியை மட்டும் மாற்றினால் தோற்றம் மாறவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் பின்னணியை வெட்டும்போது காதும் முடியும் சேர்ந்து போவதை முதல் நாளே பார்த்துவிட்டேன். அது தோற்றம் மாறியதுதானே? அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கான விதி இன்னும் கறார்: மென்பொருள், போன் ஆப், ஃபில்டர், செயற்கை நுண்ணறிவு எதனாலும் படத்தை மாற்றக் கூடாது. பிரிட்டன் பாஸ்போர்ட்டும் மென்பொருளால் திருத்தாத படத்தைத்தான் கேட்கிறது. ஆகவே அரசாங்கப் பயண ஆவணம் என்றால், வெள்ளைப் பின்னணி ஆளுக்குப் பின்னால் நிஜமாகவே இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வதே பத்திரம்.

பையனிடம் விஷயத்தைச் சொன்னதும், மேலே சுருட்டி வைத்திருந்த வெள்ளைத் திரையை இறக்கினான். அப்பாவை அதை ஒட்டியே உட்கார வைத்தான். முதல் படத்தில் காதுக்குப் பக்கத்தில் சாம்பல் நிழல். ஸ்டூலை மூன்றடி முன்னால் இழுத்துப் போட்டு, ஒரு விளக்குக்குப் பதில் இரண்டு பக்கமும் விளக்கு வைத்ததும் நிழல் போய்விட்டது. இதையே வீட்டில் செய்வதென்றால், இஸ்திரி போட்ட வெள்ளைப் பெட்ஷீட்டைக் கட்டி, ஜன்னல் வெளிச்சம் நேராக முகத்தில் விழும்படி உட்கார வைக்கலாம். போனில் போர்ட்ரெய்ட் மோடும் பியூட்டியும் அணைந்திருக்க வேண்டும். செல்ஃபி ஆகாது, பக்கத்தில் வைத்து எடுத்தால் மூக்கு பெருத்துத் தெரியும்.

அடுத்தது சட்டை. கடையில் ஆணியில் ஒரு பொதுச் சட்டை தொங்கியது. "ஊர்ல பாதிப் பேரு போட்டதை நான் போடணுமா?" என்று அப்பா மறுத்துவிட்டார். என் கரும்பச்சைச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பனியனோடு நின்றேன். தோளிலிருந்த துண்டை எடுக்கச் சொன்னோம். கண்ணாடியையும்தான். 2016 நவம்பரிலிருந்து அமெரிக்க விசா போட்டோவில் மூக்குக்கண்ணாடி கூடாது. கண்ணாடி இல்லாமல் கேமரா எங்கே என்று தெரியாமல் அப்பா கண்ணைச் சுருக்கினார். பையன் லென்ஸுக்கு மேல் விரலை ஆட்டினான், கண் சரியாகத் திறந்தது.

படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாகுமென்ட்டாகக் கேட்டு வாங்குங்கள். விதி தடுப்பது திருத்துவதைத்தான். அளவுக்கு வெட்டுவது, ஃபைலைச் சிறிதாக்குவது இரண்டும் செய்துதான் ஆக வேண்டும். படம் சதுரமாக, 600க்கு 600 பிக்சலிலிருந்து 1200க்கு 1200 வரை, JPEG ஆக, 240 கேபிக்குள் இருக்க வேண்டும். முடியின் உச்சியிலிருந்து தாடை வரை படத்தின் உயரத்தில் 50 முதல் 69 சதவீதம் வர வேண்டும். நான் 1200க்கு வெட்டி, தலையை 720 பிக்சலில் நிறுத்தினேன். அது 60 சதவீதம், நடுவாந்தரம். ஃபைல் முதலில் 400 கேபியைத் தாண்டியது. JPEG தரத்தைக் கொஞ்சம் குறைத்துச் சேமித்ததும் 210க்கு வந்தது, முகத்தில் வித்தியாசம் தெரியவில்லை. படிவம் ஏற்றுக்கொண்டது. ஆனால் படிவம் ஏற்பது முதல் படிதான், போட்டோ செல்லுமா என்று முடிவு செய்வது தூதரக அதிகாரி.

அக்கா மகன் எடுத்த பழைய படமும் வீணாகவில்லை. அப்பா ஓய்வு பெற்ற வாத்தியார். ஓய்வூதியர் சங்கத்தில் அடையாள அட்டைக்கு ஒரு போட்டோ கேட்டிருந்தார்கள். சங்கத்துக்குத் திருத்தக் கூடாது என்கிற விதியெல்லாம் கிடையாது, முகம் தெளிவாக இருந்தால் போதும். வெட்டாத மூலப்படத்தைப் பையனிடம் கொடுத்தேன். போட்டோஷாப்பில் Select Subject போட்டு ஆளைத் தனியாக எடுத்தான். விளிம்பெல்லாம் பச்சையாக ஒரு கோடு, எங்கள் வீட்டுச் சுவரின் நிறம் நரைமுடியில் ஏறியிருந்தது. Select and Mask உள்ளே போய், முடியோரம் பிரஷ் ஓட்டி, Decontaminate Colors டிக் செய்ததும் பச்சை வெளுத்தது. பின்னணிக்கு அவன் வெள்ளை வைக்கவில்லை, இளநீலம் வைத்தான். அதனால்தான் நரைமுடியும் வெள்ளைச் சட்டையும் தெரிந்தன. கடைசியில் படத்தை முன்னூறு சதவீதம் பெரிதாக்கி, இரண்டு காது, கழுத்துக்கும் காலருக்கும் நடுவில் உள்ள இடுக்கு, கண்ணாடிக் காம்பின் உள்பக்கம் என்று வரிசையாகப் பார்த்தான். காம்புக்குள் ஒரு துளி பச்சை இன்னும் இருந்தது. ஆப் அழித்த படத்திலும் அதே இடத்தில் இருந்திருக்கும், நான்தான் கவனிக்கவில்லை.

கிளம்பும்போது, மச்சம் இல்லாத அந்த முதல் படத்தையும் ஒரு காப்பி போடச் சொன்னார் அப்பா. வீட்டில் அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது யாரு, உங்க தம்பியா?" என்றார்.