விரிந்த காதுக்கு அறுவை: கட்டுப் போட்ட முதல் மூன்று நாளும், ஓராண்டு கழிந்த காதும்

"சுளகுக் காது" என்று பள்ளியில் கேலி கேட்ட பிள்ளையை அறுவைக்கு அழைத்துப் போகும் முன் கண்ணாடி முன்னால் நிறுத்தி, காதின் மேல் விளிம்பை ஒரு விரலால் மெல்லப் பின்னால் தள்ளிப் பாருங்கள். நடுவில் ஒரு மடிப்பு எழும். அந்த மடிப்பு பிறவியிலேயே விழாததுதான் பெரும்பாலான விரிந்த காதுக்குக் காரணம். சிலருக்கு மடிப்பு சரியாக இருந்தும் காதுத் துளையைச் சுற்றியுள்ள கிண்ணம் போன்ற குழி ஆழமாக இருந்து முழுக் காதையும் முன்னே தள்ளும். இரண்டும் சேர்ந்தும் வரலாம். மடிப்புக் குறைக்கு ஒரு வகைத் தையல், குழிக்கு இன்னொரு வகைத் தையல். ஆகவே "எதைச் சரிசெய்யப் போகிறீர்கள்?" என்று மருத்துவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பாம்பன் பக்கத்து 8 வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். காதின் மேல் பகுதி தலையிலிருந்து 24 மி.மீ. விலகி நிற்கிறது. வழக்கமாக அது 10 முதல் 12 மி.மீ. வரைதான் இருக்கும். காதின் பின்புறம் கீறி, குருத்தெலும்பில் கரையாத நூலால் மூன்று நான்கு தையல் போட்டு மடிப்பை எழுப்புவார்கள். இரண்டு காதுக்கும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். பிள்ளைக்கு முழு மயக்கம் தருவார்கள். பெரியவர்களுக்குக் காது மட்டும் மரத்துப்போக ஊசி போட்டாலே போதும். காது கேட்கும் திறனுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

வயதைப் பொறுத்தவரை 5, 6 முடிந்த பிறகுதான் நல்லது. அதற்குள் காது ஏறக்குறைய முழு வளர்ச்சி அடைந்துவிடும். அதற்கு முன் குருத்தெலும்பு மென்மையாக இருப்பதால் நூல் அதை அறுத்துக்கொண்டு வந்துவிடலாம். பிள்ளையே விரும்பிக் கேட்பதும் அவசியம். விருப்பமில்லாத பிள்ளை இரவில் கட்டைப் பிய்த்துவிடும். பெரியவர்களும் செய்துகொள்ளலாம், குருத்தெலும்பு விறைப்பாக இருப்பதால் சிலருக்கு அதைச் சற்றுச் சீவி இளக்க வேண்டியிருக்கும். பிறந்த குழந்தைக்கு முதல் சில வாரங்களில் அச்சு வைத்து ஒட்டியே சரிசெய்ய முடிவதும் உண்டு.

காது குத்திய இடத்தையும் ஒருமுறை பாருங்கள். அங்கே தழும்பு முண்டு முண்டாகத் தடித்திருந்தால் காதின் பின்புறமும் அப்படி வளரக்கூடும். மருத்துவரிடம் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அறுவை மதுரையில் என்றால், முடிந்த அன்றே ராமேஸ்வரம் திரும்பாதீர்கள். ஏறக்குறைய 170 கி.மீ. தூரம். தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே ரத்தம் கட்டினால் அது பெரும்பாலும் முதல் 3 நாளுக்குள்தான் தெரியும். இரண்டு காதும் ஒரே அளவில் வலிப்பது இயல்பு. ஒரு காது மட்டும் மணிக்கு மணி கூடுதலாக வலித்து, மாத்திரைக்கும் அடங்காவிட்டால் மருத்துவர் கட்டை உடனே அவிழ்த்துப் பார்க்க வேண்டும். வலி மாத்திரையைக் கூட்டிக் கொடுத்துக் காலை வரை காத்திருப்பதுதான் இங்கே நேரும் பெரிய தவறு. தேங்கிய ரத்தத்தை வெளியேற்றாமல் விட்டால் குருத்தெலும்பு கெட்டுக் காது கோணிப்போகலாம். நாலைந்து நாளில் சிவந்து, சூடாகி, காய்ச்சல் வந்தால் அது சீழ்ப்பிடிப்பின் அறிகுறி. அதுவும் காத்திருக்கக் கூடாது.

தலைக்கட்டு 5 முதல் 7 நாள் இருக்கும். சித்திரை வெயிலில் இந்தக் கட்டுக்குள் வியர்த்து அரிக்கும், பிள்ளை சொறியும். அரையாண்டு விடுமுறை எங்கள் பார்வையில் மே மாதத்தைவிட மேல். கட்டு எடுத்தபின் ஆறு வாரம், இரவில் மட்டும் காதை மூடியபடி தலையைச் சுற்றி எலாஸ்டிக் பட்டை. தூக்கத்தில் காது முன்னால் மடங்கினால் தையல் இழுபடும் என்பதற்காகவே இது.

கடற்கரைக்காரர்களுக்கு இன்னொன்று. கடலில் இறங்குவதையும் முழுகுவதையும் ஆறு வாரமாவது தள்ளிவையுங்கள். பாசி எடுக்கவோ சங்கு எடுக்கவோ முழுகுபவர்களுக்குத் தண்ணீரைவிட முகக்கண்ணாடியின் ரப்பர் பட்டைதான் ஆபத்து. கழற்றும்போது காதை முன்னே இழுக்கும். மறுபடி தொடங்கும்போதும் பட்டையைக் காதுக்கு மேலே தூக்கிப் பின்னாலிருந்து கழற்றப் பழகுங்கள். ஹெல்மெட்டுக்கும் இதே எச்சரிக்கை.

கட்டு அவிழ்த்த அன்று காது வீங்கி, கருநீலமாக, தலையோடு ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், அதுதான் முடிவென்று எண்ணவும் வேண்டாம். நாம் பார்த்த பையனுக்கு முதல் வாரம் 10 மி.மீ. என்றால், ஓராண்டில் 12, 13 வரை தளர்ந்து நிற்கலாம். அது தோல்வி அல்ல. இரண்டு காதுக்கும் 2, 3 மி.மீ. வித்தியாசம் பலருக்கும் இருப்பதே. நடுப்பகுதி மட்டும் அதிகம் ஒட்டி, மேலும் கீழும் துருத்தி நின்றால் அது திருத்த வேண்டிய பிழை. மரமரப்பு சில வாரம் முதல் சில மாதம் வரை நீடிக்கும்.

மாதங்கள் கழித்து, காதின் பின்னால் அரிசி அளவில் ஒரு புடைப்போ சிறு புண்ணோ தோன்றினால் அது பெரும்பாலும் உள்ளே போட்ட நூல் வெளியே எட்டிப் பார்ப்பது. அதை நீங்களே பிடுங்காதீர்கள். மருத்துவர் ஒரு சிறு கீறலில் எடுத்துவிடுவார். ஆறு மாதம் தாண்டியிருந்தால் உள்ளே இறுகிய தழும்பே காதைத் தாங்கிப் பிடிப்பதால், நூல் போனாலும் பெரும்பாலும் வடிவம் மாறாது. முதல் சில வாரத்திலேயே வந்தால்தான் காது பழைய நிலைக்குத் திரும்பக்கூடும்.