குறைந்த சங்கிலிகள்: நீளமானதை உரித்தெடுப்பதா, மேட்சிங் போடுவதா?

ஒரு பகுதி வரிசைக் கணம் கையில் இருக்கிறது. சில உறுப்புகளில் எது முன், எது பின் என்று சொல்லலாம், சிலவற்றில் சொல்லவே முடியாது. இதில் எல்லா உறுப்புகளும் ஏதாவது ஒரு சங்கிலிக்குள் வந்துவிட வேண்டும், சங்கிலிகளின் எண்ணிக்கையும் மிகக் குறைவாக இருக்க வேண்டும். சங்கிலி என்றால் அதற்குள் எந்த இரண்டை எடுத்தாலும் ஒப்பிட முடிகிற கூட்டம். இதற்கு நடைமுறையில் மூன்று வழிகளைப் பார்க்கிறேன்: இருப்பதிலேயே நீளமான சங்கிலியைத் திரும்பத் திரும்ப உரித்தெடுப்பது, இருபகுதி கிராஃபில் மேட்சிங் போடுவது, அதையே ஃப்ளோவாக எழுதுவது. என் தேர்வு இரண்டாவது. உறவுகள் நினைவகத்தில் அடங்காமல் போனால் மட்டும் மூன்றாவதுக்குப் போவேன்.

முதலில் உரித்தெடுக்கும் வழி. எழுதுவது சுலபம், வேகமும் உண்டு, பார்த்தால் சரியாகத்தான் படுகிறது, ஆனால் தவறு. ஆறு உறுப்புகளே போதும் அதைக் காட்ட: 1<2<3, இன்னொரு பக்கம் 4<5<6, இரண்டுக்கும் நடுவில் 2<5 என்று ஒரே ஒரு குறுக்கு உறவு. இங்கே மிக நீளமான சங்கிலி 1, 2, 5, 6. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 3-உம் 4-உம். இவை இரண்டையும் ஒப்பிட முடியாது என்பதால் ஆளுக்கொரு சங்கிலி, ஆக மொத்தம் மூன்று. ஆனால் 1-2-3, 4-5-6 என்று இரண்டே போதும். இதில் என்னை உறுத்துவது, விடை தவறு என்று காட்டிக்கொடுக்கும் அறிகுறி எதுவுமே வெளியீட்டில் இருக்காது என்பதுதான். மூன்றும் ஒழுங்கான சங்கிலிகள், எல்லா உறுப்பும் உள்ளே வந்தாயிற்று, யாருக்கும் சந்தேகம் வராது.

சரி, மேட்சிங். 1950-இல் டில்வொர்த் நிரூபித்த தேற்றம், தேவையான குறைந்தபட்ச சங்கிலிகளின் எண்ணிக்கையும், ஒன்றோடொன்று ஒப்பிட முடியாத உறுப்புகளின் மிகப் பெரிய கூட்டமான எதிர்ச்சங்கிலியின் அளவும் சமம் என்கிறது. 1956-இல் ஃபுல்கர்சன் இதை இருபகுதி மேட்சிங்குக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு உறுப்புக்கும் இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. u<v என்றால் இடப்பக்க u-விலிருந்து வலப்பக்க v-க்கு ஒரு கோடு. மேட்சிங்கில் ஒரு கோட்டைத் தேர்ந்தெடுத்தால் "சங்கிலியில் u-வுக்கு அடுத்தது v" என்று அர்த்தம். மேட்சிங்கில் ஒரு பிரதிக்கு ஒரு கோட்டுக்கு மேல் கிடையாது என்பதால் ஒரு உறுப்புக்கு அடுத்தது ஒன்றுக்கு மேல் கிடையாது, முந்தையதும் அப்படியே. எல்லாம் தனித்தனியாக நிற்கும்போது n சங்கிலிகள், ஒவ்வொரு கோடும் இரண்டை ஒட்டவைத்து ஒன்றைக் குறைக்கிறது. மேட்சிங்கின் அளவு m என்றால் விடை n - m.

உரித்தெடுத்தபோது வந்த அதே தவறோடு தொடங்குவோம்: 1→2, 2→5, 5→6, அளவு 3. இப்போது இடப்பக்கம் சும்மா நிற்பவை 3, 4, 6. இதில் 3, 6 இரண்டுக்கும் மேலே எதுவும் இல்லை. 4 போய் 5-ஐக் கேட்கிறது, ஆனால் 5 ஏற்கெனவே 2-இடம் இருக்கிறது. "உனக்கு வேறு இடம் உண்டா" என்று 2-ஐக் கேட்டால் 3 காலியாக இருக்கிறது, அது அங்கே நகர்ந்துகொள்கிறது. ஆக 2→3, 4→5, அளவு 4, விடை 6 - 4 = 2. முன்பு எடுத்த முடிவை இப்படித் திரும்பப் பெறும் வசதி உரித்தெடுப்பதில் இல்லவே இல்லை. நிரலில் அது இவ்வளவுதான், உறுப்புகளின் எண் 0-இலிருந்து தொடங்கும், `after[u]` என்பது u-வுக்குப் பின் வருபவற்றின் பட்டியல், `pred[v]` என்பது சங்கிலியில் v-க்கு முந்தையது:

```python
pred = [None] * n

def attempt(u, seen):
    for v in after[u]:
        if v not in seen:
            seen.add(v)
            if pred[v] is None or attempt(pred[v], seen):
                pred[v] = u
                return True
    return False

m = sum(attempt(u, set()) for u in range(n))
print(n - m)
```

நான் இதையே பிடித்துக்கொள்ள முக்கியக் காரணம், விடையோடு சாட்சியும் கிடைக்கிறது. மேட்சிங் முடிந்ததும், இடப்பக்கம் ஜோடி இல்லாதவற்றிலிருந்து கிளம்பி, மேட்சிங்கில் இல்லாத கோட்டில் வலப்பக்கம் போய், மேட்சிங் கோட்டில் திரும்பி வந்து, எட்டுகிற இடங்களையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். இடப்பிரதி எட்டி, வலப்பிரதி எட்டாத உறுப்புகள்தான் மிகப் பெரிய எதிர்ச்சங்கிலி. நம் கணக்கில் 3, 6 இரண்டும் அப்படி நிற்கின்றன. ஒப்பிட முடியாத இரண்டு கிடைத்துவிட்டது, ஆக இரண்டு சங்கிலிக்குக் குறைந்து யாராலும் முடியாது.

இரண்டு இடத்தில் இது சறுக்கும். முதலாவது, `after[u]`-இல் நேரடி உறவுகளை மட்டும் போடுவது. a<c, b<c, c<d, c<e என்று நடுவில் c வைத்த ஐந்து உறுப்புகளைப் பாருங்கள். நேரடி உறவு மட்டும் என்றால் c வழியாக ஒரு சங்கிலிதான் போக முடியும், மேட்சிங் 2, விடை 3. உண்மையில் b<e-உம் உறவுதான், அதையும் சேர்த்தால் a-c-d, b-e என்று இரண்டே போதும். ஆகவே கடத்து மூடலை, அதாவது வழிவழியாக வரும் உறவுகள் எல்லாவற்றையும், முதலில் கணக்கிட்டே ஆக வேண்டும். இரண்டாவது, சம உறுப்புகள். ≤ என்று எழுதி ஒரே மாதிரி இரண்டு புள்ளிகள் உள்ளே வந்துவிட்டால், ஒன்று மற்றதற்கு அடுத்தது, மற்றது இதற்கு அடுத்தது என்று சுழல் உண்டாகும், m = 2, விடை பூஜ்யம். ஒருமுறை பெரிய தரவில் இதில் மாட்டி வெகுநேரம் தேடியிருக்கிறேன், ஏனென்றால் அங்கே விடை பூஜ்யமாக வரவில்லை, கொஞ்சம் குறைவாக மட்டும் வந்தது. சமமானவற்றுக்கு வரிசை எண்ணை வைத்து முன்பின் தீர்மானித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

அளவைப் பொறுத்தவரை, 2000 உறுப்புகளுக்கு அதிகபட்சம் சுமார் 20 லட்சம் ஜோடிகள், மேலே உள்ள நிரல் பெரும்பாலும் தாங்கும். பைத்தானில் மட்டும் தன்னையே அழைக்கும் ஆழம் இயல்பாக 1000-தான் என்பதால் அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் 1973-இல் வந்த ஹாப்கிராஃப்ட்-கார்ப் முறைக்கு மாறுவது நல்லது.

ஒரு லட்சம் உறுப்புகள் என்றால் கதையே வேறு. ஜோடிகள் 500 கோடி வரை போகலாம், மூடலைச் சேமிக்கவே இடம் இருக்காது. ஃப்ளோவுக்கு இங்கேதான் வேலை. நேரடி உறவுகளை மட்டும் வைத்துக்கொண்டு, மூலத்திலிருந்து ஒவ்வொரு இடப்பிரதிக்கும், வலப்பிரதியிலிருந்து முடிவுக்கும் கொள்ளளவு 1 கொடுங்கள், உறவுக் கோடுகளுக்கு வரம்பு வேண்டாம். அப்புறம் ஒவ்வொரு வலப்பிரதியிலிருந்தும் அதே உறுப்பின் இடப்பிரதிக்கு வரம்பில்லாத ஒரு கோடு போடுங்கள். b-யிலிருந்து கிளம்பும் ஃப்ளோ c-யின் வலப்பக்கம் நுழைந்து, இடப்பக்கம் வெளியேறி, e-க்குப் போய்விடும், b<e என்று நாம் எழுதாமலேயே. நேரடி உறவுகள் 2 லட்சம் என்றால் மொத்தக் கோடுகள் 5 லட்சம்தான். நேரடி உறவுகளே அடர்த்தியாக இருந்தால், உதாரணமாக இரண்டே அடுக்கு உள்ள கணத்தில், இதனால் ஒரு லாபமும் இல்லை.

எண்ணிக்கை மட்டும் போதும் என்றால் n-இலிருந்து ஃப்ளோவைக் கழித்தால் முடிந்தது. சங்கிலிகளே வேண்டுமென்றால் ஃப்ளோவைப் பாதைகளாகப் பிரித்து, எந்த இடப்பிரதியில் கிளம்பி எந்த வலப்பிரதியில் முடிகிறது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். b→c→e என்ற பாதையில் நடுவில் வரும் c ஏற்கெனவே a-c-d-யில் இருக்கிறது, அதை விட்டுவிட்டாலும் b, e இரண்டும் சங்கிலியாகத்தான் நிற்கும்.