சின்ன வலைப்பதிவுக்கு எது தோது: அட்சென்ஸா, வெள்ளவத்தைக் கடையா?

கொழும்பில் இருந்து தமிழில் சமையல் குறிப்பு எழுதும் ஒரு வலைப்பதிவு. மாதம் 3,000 பக்கப் பார்வை என்று வைத்துக்கொள்வோம். காசு பார்க்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கூகிளின் விளம்பரச் சேவையான அட்சென்ஸின் நிரலைப் பதிவில் பதித்துவிடுவது. மற்றது, வெள்ளவத்தையில் மிளகாய்த்தூள் விற்பவரிடம் நேரே பேசி, மாத வாடகைக்கு விளம்பர இடம் கொடுப்பது.

அட்சென்ஸில் யாராவது பக்கத்தைத் திறந்ததும் அந்த விளம்பர இடம் ஏலத்துக்குப் போகிறது. விலையை உங்கள் எழுத்து மட்டும் தீர்மானிப்பதில்லை. வாசிப்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதும் தீர்மானிக்கிறது. ரொறன்ரோ வாசகருக்காகப் போட்டியிடும் நிறுவனங்கள் அதிகம், இலங்கை வாசகருக்குக் குறைவு. கூகிள் பங்கு எடுப்பதால்தான் வருமானம் இல்லை என்று பலர் குறைப்படுவார்கள். அப்படியா? 1,000 பார்வைக்கு அரை டொலர் கைக்கு வருகிறது என்று கணக்குப் போட்டால், மாதம் ஒன்றரை டொலர். கூகிள் தன் பங்கை விட்டுக்கொடுத்தாலும் அது இரண்டு டொலரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். குறைவாக இருப்பது பார்வை.

அதைவிடப் பெரிய தடை, காசு கைக்கு வரும் வழி. கணக்கில் 10 டொலர் சேர்ந்த பிறகுதான் முகவரியைச் சரிபார்க்கும் PIN இலக்கம் தபாலில் அனுப்பப்படும். நம் பதிவுக்கு அதற்கே ஏழு மாதம். 100 டொலர் சேராமல் பணம் அனுப்பமாட்டார்கள். அதற்கு ஐந்தரை வருடம். இதில் பொறுமையிழந்து சொந்தபந்தங்களை விளம்பரத்தில் கிளிக் பண்ணச் சொன்னால், போலிக் கிளிக் என்று கணக்கையே மூடிவிடுவார்கள்.

கடைக்காரர் மாதம் 2,000 ரூபா தந்தாலும் இதைவிடப் பல மடங்கு. ஆனால் அவர் ஒரு கேள்வி கேட்பார்: "கொழும்பில எத்தினை பேர் பாக்கினம்?" பார்வைப் புள்ளிவிவரத்தில் நகர வாரியாகப் பார்த்தால், 3,000இல் 400தான் கொழும்பு, மிச்சம் கனடாவும் லண்டனும் என்று வரலாம். அதை மறைத்து இடத்தை விற்றால் அடுத்த மாதம் அவர் போனே எடுக்கமாட்டார். விளம்பரத்தில் தனி வாட்ஸ்அப் இலக்கம் ஒன்று போடச் சொல்லுங்கள். எத்தனை பேர் இங்கிருந்து வந்தார்கள் என்று இருவருக்கும் தெரியும்.

என் தீர்ப்பு: இந்த அளவில் நேரடி விளம்பரம்தான். ஆனால் ஆளைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். வாசகர் பெரும்பாலும் வெளிநாட்டில் என்றால் மிளகாய்த்தூள் கடையை விட்டுவிட்டு, அங்கிருந்து ஓடர் எடுத்து இங்குள்ள அம்மா அப்பா வீட்டுக்குப் பிறந்தநாள் கேக் கொண்டுபோய்க் கொடுக்கும் கடையிடம் போங்கள். அவருக்கு அந்த 400 பேரைவிட மற்ற 2,600 பேர்தான் வேண்டும். அப்புறம், காசு வாங்கிப் போடும் இணைப்பில், இது விளம்பரம் என்று கூகிளுக்குச் சொல்லும் `rel="sponsored"` குறியைச் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் கூகிள் தேடலில் பதிவு பின்னுக்குப் போகக்கூடும்.